ஓம்மானி: காட்டியின் நிலையிலிருந்து தெரியாத் தடையைக் கணித்தல்



அம்பியர்மானி, வோல்ற்றுமானி ஆகியவற்றின் அளவிடைகளைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு ஓம்மானியின் அளவிடை முதலில் குழப்பத்தையே தரும். அதில் பூச்சியம் வலது ஓரத்தில் உள்ளது. இடது ஓரத்தில் முடிவிலிக் குறி உள்ளது. வலப்பக்கத்தில் பிரிவுகள் அகலமாகவும், இடப்பக்கம் செல்லச்செல்ல ஒன்றோடொன்று நெருங்கியும் காணப்படுகின்றன. இவற்றை மனனம் செய்ய வேண்டியதில்லை. ஓமின் விதியை ஒருமுறை சரியாகப் பிரயோகித்தால் இவை அனைத்துக்கும் காரணம் கிடைத்துவிடும். அதே சமன்பாடே தெரியாத் தடையைக் கணிக்கவும் உதவும்.

1. ஓம்மானியின் உள்ளே இருப்பவை

தொடர் ஓம்மானி ஒன்றில் மூன்று பகுதிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. அவை ஓர் உலர்மின்கலம், அசையும் சுருளைக் கொண்ட ஒரு மில்லி அம்பியர்மானி, ஒரு மாறுந்தடை என்பனவாகும். இத்தொடரின் இரு முனைகளும் வெளியே இரண்டு சோதனைக் கம்பிகளாக வருகின்றன. நாம் அளக்க விரும்பும் தடையை இவ்விரு கம்பிகளுக்கும் இடையே தொடுக்கும்போதே சுற்று பூரணமாகின்றது.

இங்கு ஒரு விடயத்தை நன்கு அவதானிக்கவும். அம்பியர்மானிக்கும் வோல்ற்றுமானிக்கும் வேண்டிய ஓட்டம் வெளிச்சுற்றிலிருந்து கிடைக்கின்றது. ஓம்மானி தனக்கு வேண்டிய ஓட்டத்தைத் தன் மின்கலத்திலிருந்தே பெறுகின்றது. இக்கட்டுரையில் பின்னர் வரும் பல விடயங்களுக்கு இதுவே அடிப்படையாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் ஓம்மானியின் விபரங்கள் பின்வருமாறு:

மின்கலத்தின் மின்னியக்க விசை, E = 1.5 V
முழு அளவிடைத் திறம்பலுக்கு வேண்டிய ஓட்டம், I₀ = 1 mA
அளவிடையிலுள்ள சம பிரிவுகள், N = 50

திறம்பல் என்பது காட்டி இடது ஓரத்திலிருந்து நகர்ந்த அளவாகும். அசையும் சுருள் மானியில் திறம்பல் ஓட்டத்துக்கு நேர்விகித சமனானது. ஆகவே 1 mA ஓட்டத்தில் காட்டி 50 பிரிவுகளும், 0.5 mA ஓட்டத்தில் 25 பிரிவுகளும் நகரும்.

2. பூச்சியம் ஏன் வலப்பக்கத்தில் உள்ளது?

சோதனைக் கம்பிகள் ஒன்றையொன்று தொடாதபோது சுற்று திறந்திருக்கும். ஓட்டம் இல்லாததால் காட்டி இடது ஓரத்திலேயே நிற்கும். கம்பிகளுக்கு இடையே வளி மட்டுமே உள்ளது. அதன் தடையை முடிவிலி எனக் கொள்ளலாம். ஆதலால் இடது ஓரம் முடிவிலி எனக் குறிக்கப்படுகின்றது.

இப்போது இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்க. இடையே உள்ள தடை பூச்சியமாகும். இந்நிலையில் ஓட்டம் சரியாக 1 mA ஆகும்வரை மாறுந்தடையைத் திருப்ப வேண்டும். காட்டி வலது ஓரத்துக்கு வந்து நிற்கும். அந்த இடமே பூச்சிய ஓம். இச்செயலே பூச்சியச் செப்பஞ்செய்தல் எனப்படுகின்றது.

இதைச் செய்து முடித்ததும் மானியின் மொத்த உட்தடை தானாகவே ஒரு குறித்த பெறுமானத்தை அடைந்துவிடும். அதனை R எனக் கொண்டால்,

R = E / I₀ = 1.5 V / 0.001 A = 1500 Ω

சுருளின் தடை 100 ஓம் எனின் மீதி 1400 ஓமை மாறுந்தடையும் மின்கலத்தின் அகத்தடையும் சேர்ந்து கொடுக்கின்றன. எது எவ்வளவு கொடுக்கின்றது என்பது முக்கியமல்ல. மொத்தம் 1500 ஓமாக இருப்பதே முக்கியம்.

3. நடு அளவிடைத் தடை

கம்பிகளுக்கு இடையே X என்னும் தெரியாத் தடையைத் தொடுப்போம். சுற்றின் மொத்தத் தடை R + X ஆகும். எனவே

I = E / (R + X)

காட்டி அளவிடையின் சரிநடுவில் நிற்பதற்கு ஓட்டம் பாதியாக வேண்டும். மின்னியக்க விசை மாறாதபோது ஓட்டம் பாதியாக வேண்டுமெனின் மொத்தத் தடை இருமடங்காக வேண்டும். முன்னர் R ஆக இருந்த தடை இப்போது 2R ஆக வேண்டும். அதாவது R + X = 2R. ஆகவே X = R.

இது மிக முக்கியமான முடிவாகும். காட்டியை அளவிடையின் நடுவில் நிறுத்தும் தடை மானியின் மொத்த உட்தடைக்குச் சமனாகும். எமது மானியில் அது 1500 ஓம். இதனைத் திருப்பியும் பயன்படுத்தலாம். முன்பின் அறியாத ஓர் ஓம்மானி உங்கள் கையில் தரப்பட்டால் அதன் அளவிடையின் நடுவில் எழுதப்பட்டுள்ள எண்ணைப் பாருங்கள். மானியைத் திறக்காமலே அதன் உட்தடையை நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.

மாணவர் பலர் இங்கு விடும் தவறு ஒன்று உண்டு. நடுவில் 1500 ஓம் எனின் அதன் இருமடங்கான 3000 ஓமுக்குக் காட்டி இடது ஓரத்துக்கே போய்விடும் என அவர்கள் நினைக்கின்றனர். கணித்துப் பாருங்கள். மொத்தத் தடை 4500 ஓம். இது R இன் மூன்று மடங்கு. எனவே ஓட்டம் மூன்றிலொரு பங்காகும். X ஆனது 3R எனின் நான்கிலொரு பங்காகும். X எவ்வளவு பெருகினாலும் ஓட்டம் குறைந்துகொண்டே போகுமேயன்றி முற்றாகப் பூச்சியமாகாது. 1500 ஓம் முதல் முடிவிலி வரையுள்ள எல்லாத் தடைகளும் இடது பாதிக்குள் அடங்க வேண்டியுள்ளன. இடப்பக்கத்துப் பிரிவுகள் நெருங்கியிருப்பதன் காரணம் இதுவே.

4. தெரியாத் தடையைக் கணித்தல்

காட்டி 50 பிரிவுகளில் n பிரிவுகள் நகர்ந்துள்ளது எனக் கொள்வோம். ஓட்டங்களின் விகிதம் பிரிவுகளின் விகிதத்துக்குச் சமன்.

n / N = I / I₀ = R / (R + X)

குறுக்குப் பெருக்கிச் சுருக்கினால்,

X = R × (N − n) / n

இதனைச் சொற்களில் இவ்வாறு நினைவில் வைத்துக்கொள்ளலாம். நடு அளவிடைத் தடையை, காட்டி நகராமல் விட்ட பிரிவுகளால் பெருக்கி, நகர்ந்த பிரிவுகளால் வகுக்க வேண்டும்.

உதாரணம்: மேற்கூறிய ஓம்மானியின் முனைகளுக்கிடையே தெரியாத் தடையொன்று இணைக்கப்பட்டபோது காட்டி 30 பிரிவுகள் நகர்ந்தது. அத்தடையைக் காண்க.

நகர்ந்த பிரிவுகள் = 30
நகராத பிரிவுகள் = 50 − 30 = 20
X = 1500 × 20 / 30 = 1000 Ω

விடையைச் சரிபார்ப்போம். மொத்தத் தடை 2500 ஓம். ஓட்டம் 1.5 / 2500 = 0.0006 A, அதாவது 0.6 mA. ஐம்பது பிரிவுகளில் 0.6 பங்கு 30 ஆகும். விடை சரியானது. கணிக்கும் முன்னரே இன்னொரு சோதனையும் செய்யலாம். காட்டி நடுவுக்கு வலப்பக்கத்தில் நின்றால் விடை 1500 ஓமிலும் குறைவாகவும், இடப்பக்கத்தில் நின்றால் கூடவாகவும் இருக்க வேண்டும்.

இவ்வாறே ஏனைய இடங்களுக்கும் கணித்தால் பின்வரும் பெறுமானங்கள் கிடைக்கும்:

n = 50 : 0 Ω
n = 40 : 375 Ω
n = 30 : 1000 Ω
n = 25 : 1500 Ω
n = 20 : 2250 Ω
n = 10 : 6000 Ω
n = 5 : 13 500 Ω
n = 0 : முடிவிலி

5. அளவிடையின் எப்பகுதியை நம்பலாம்?

காட்டியின் நிலையைக் கண்ணால் வாசிக்கும்போது அரைப் பிரிவளவு கூடவோ குறையவோ வாசித்துவிடுவது இயல்பு. அந்த அரைப் பிரிவு விடையை எவ்வளவு மாற்றுகின்றது என்று பார்ப்போம்.

காட்டி 25 இல் நிற்கும்போது அதனை 25.5 என வாசித்தால் விடை 1441 ஓம். 24.5 என வாசித்தால் 1561 ஓம். உண்மைப் பெறுமானம் 1500 ஓம். வழு ஏறக்குறைய 4 சதவீதமே.

காட்டி 5 இல் நிற்கும்போது அதே அரைப் பிரிவு, விடையை 12 136 ஓமிலிருந்து 15 167 ஓம் வரை மாற்றிவிடுகின்றது. உண்மைப் பெறுமானம் 13 500 ஓம். இங்கு வழு 10 சதவீதத்துக்கு மேலாகும். வலப்பக்கத்தில் காட்டி 45 இல் நின்றாலும் இதே நிலைதான். அங்கு பிரிவுகள் அகலமாகத் தோன்றினாலும், அளக்கப்படும் தடை சிறியதாகையால் வழுவின் சதவீதம் பெரிதாகின்றது.

எனவே ஓம்மானியைச் செம்மையாக வாசிக்கத்தக்க இடம் அளவிடையின் நடுப்பகுதியாகும். காட்டி ஓரங்களில் நின்றால் வீச்சை மாற்ற வேண்டும்.

6. வீச்சை மாற்றுதல்: ஒரு மின்னழுத்தியின் சோதனை

ஒரே பெட்டியில் பல வீச்சுகளைக் கொண்ட பல்மானியின் முன்னோடிகளில் ஒன்றை 1923 இல் பிரித்தானியத் தபால் துறைப் பொறியியலாளரான டொனால்ட் மக்காடி உருவாக்கினார். தொலைபேசி, தந்திச் சுற்றுகளைப் பராமரிக்கத் தனித்தனி மானிகளைச் சுமந்து செல்லும் சிரமமே இதற்குக் காரணமாயிற்று. அம்பியர், வோல்ற்று, ஓம் என்னும் அலகுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஏவோ எனப் பெயரிடப்பட்டது. ஏவோ மானிகள் 2008 வரை தயாரிக்கப்பட்டன.

வீச்சு ஏன் தேவை என்பதை வீட்டில் நாம் அயன் என்று சொல்லும் மின்னழுத்தியைக் கொண்டு விளங்கிக்கொள்வோம். அதன்மீது 230 வோல்ற்று, 1000 உவாற்று எனப் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் வெப்பமாக்கும் சுருளின் தடை,

V² / P = 230 × 230 / 1000 = 52.9 Ω

சுருள் நல்ல நிலையில் உள்ளதா என அறிய, செருகியைக் குதையிலிருந்து கழற்றிவிட்டு அதன் இரு மின்முனைகளுக்கும் இடையே எமது 1500 ஓம் மானியைத் தொடுத்தால் காட்டி 48 ஆம் பிரிவுக்கும் 49 ஆம் பிரிவுக்கும் இடையில் நிற்கும். 48 எனின் விடை 62.5 ஓம். 49 எனின் 30.6 ஓம். ஒரு பிரிவு மாறியதும் விடை பாதியாகிவிட்டது. இத்தகைய வாசிப்பினால் பயனில்லை.

இதற்காகப் பல்மானியில் ஒன்றால் பெருக்கும் வீச்சு உள்ளது. அவ்வீச்சின் நடு அளவிடைத் தடை பல மானிகளில் 20 ஓம் ஆகும். 1.5 V மின்கலத்தோடு உட்தடை 20 ஓமாக வேண்டுமெனின் முழுத் திறம்பலின்போது மின்கலத்திலிருந்து 1.5 / 20 = 0.075 A, அதாவது 75 mA பெறப்பட வேண்டும். சுருளினூடாகச் செல்லத்தக்கது 1 mA மட்டுமே. மீதி 74 mA ஐச் சுருளுக்குச் சமாந்தரமாக இணைக்கப்பட்ட சிறிய தடையொன்று கொண்டுசெல்கின்றது. சுருளுக்குக் கிடைப்பது எப்போதும் மொத்த ஓட்டத்தின் ஒரே பங்காகையால் எமது சமன்பாடு மாறாது. R இற்கு மட்டும் 20 ஐப் பிரதியிட வேண்டும்.

வீச்சை மாற்றியதும் மீண்டும் பூச்சியச் செப்பஞ்செய்து அளந்தபோது காட்டி 14 பிரிவுகள் நகர்ந்தது எனக் கொள்வோம்.

X = 20 × (50 − 14) / 14 = 51.4 Ω

எதிர்பார்த்தது 52.9 ஓம். கிடைத்தது 51.4 ஓம். வாசிப்பு வழுவைக் கருதும்போது இவ்விரண்டும் ஒத்தவையே. சுருள் நல்ல நிலையில் உள்ளது. காட்டி சற்றும் அசையாவிடின் சுற்றில் எங்கோ முறிவு உள்ளது. ஆனால் உடனே சுருளைக் குறைகூற வேண்டாம். வெப்பக் கட்டுப்பாட்டுக் குமிழ் நிறுத்திய நிலையில் இருந்தாலும் காட்டி அசையாது. அதனைத் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். பின்னரும் அசையாவிடின் வடத்தின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே சோதித்தால் முறிவு வடத்திலா சுருளிலா என்பது தெரிந்துவிடும்.

அக்கரப்பத்தனை போன்ற மழையும் பனிமூட்டமும் மிகுந்த இடங்களில் இன்னுமொரு சோதனை அவசியம். செருகியின் மின்முனை ஒன்றுக்கும் மின்னழுத்தியின் உலோக உடலுக்கும் இடையே, மானியின் மிக உயர்ந்த வீச்சில் அளந்து பாருங்கள். முடிவிலியே கிடைக்க வேண்டும். காட்டி நகர்ந்தால் மின் உடலுக்குக் கசிய இடமுண்டு. அவ்வுபகரணத்தைப் பயன்படுத்தவே கூடாது. ஆயினும் காட்டி நகராமையை முழு உத்தரவாதமாகக் கொள்ளவும் முடியாது. ஓம்மானி பிரயோகிப்பது சில வோல்ற்றுகளே. 230 வோல்ற்றில் கசியக்கூடிய காவலி இவ்வளவு சிறிய வோல்ற்றளவில் கசியாதிருக்கலாம். இதனாலேயே மின்னியலாளர் காவலியைச் சோதிக்க 500 வோல்ற்று அளவைப் பிரயோகிக்கும் மெகர் என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றனர்.

7. மின்கலம் பழையதாகும்போது

மின்கலம் பழையதாகும்போது இரு மாற்றங்கள் நிகழ்கின்றன. அதன் அகத்தடை கூடுகின்றது. அதன் மின்னியக்க விசை குறைகின்றது. இவ்விரண்டும் வாசிப்பைப் பாதிக்கும் விதம் வேறுபட்டது.

அகத்தடை 10 ஓமால் கூடியது எனக் கொள்வோம். பூச்சியச் செப்பஞ்செய்யும்போது நாம் மாறுந்தடையை 10 ஓமால் குறைத்துவிடுகின்றோம். மொத்தம் மீண்டும் 1500 ஓம். வாசிப்பில் வழு இல்லை.

மின்னியக்க விசை 1.2 V ஆகக் குறைந்தால் நிலைமை வேறு. இப்போதும் மாறுந்தடையைக் குறைத்துக் காட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர முடியும். ஆனால் அவ்வாறு செய்ததும் உட்தடை,

R = 1.2 / 0.001 = 1200 Ω

ஆகவே காட்டியை நடுவில் நிறுத்தும் தடை இப்போது 1200 ஓம் ஆகும். அளவிடையில் அச்சிடப்பட்டுள்ளதோ 1500 ஓம். அளவிடையின் எல்லா இடங்களிலும் உண்மைத் தடை, வாசிப்பின் 1200 / 1500 பங்கு, அதாவது 0.8 பங்காக இருக்கும். 1000 ஓம் தடையை இம்மானி 1250 ஓம் எனக் காட்டும்.

இவ்வழுவைக் கண்டுபிடிப்பது கடினம். ஏனெனில் பூச்சியம் சரியாக உள்ளது. முடிவிலியும் சரியாக உள்ளது. இரு ஓரங்களும் சரியாயிருக்க இடைப்பட்ட அனைத்தும் பிழையாக உள்ளன. இதனை அறிய வழி ஒன்றே. பெறுமானம் தெரிந்த தடையொன்றை, இயன்றவரை நடு அளவிடைத் தடைக்கு அண்மையானதை, அளந்து பார்க்க வேண்டும். வாசிப்பு தவறெனின் மின்கலத்தை மாற்றுக. மாறுந்தடையை முற்றாகத் திருப்பியும் காட்டி பூச்சியத்தை அடையாவிடின் வேறு சோதனை எதுவும் வேண்டியதில்லை. மின்கலத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

8. அளக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, மின் செல்லும் சுற்றில் ஓம்மானியைத் தொடுக்கக் கூடாது. எமது சமன்பாட்டில் E என்பது மானியின் மின்கலம் மட்டுமே. வெளியிலிருந்து வேறொரு மின்னியக்க விசை சேர்ந்தால் சமன்பாடு பொருந்தாது. அது 230 வோல்ற்றாயின் சுருள் எரிந்துவிடும். அளப்பவரின் உயிருக்கும் ஆபத்து.

இரண்டாவதாக, சுற்றில் உள்ள தடையை அளப்பதாயின் அதன் ஒரு முனையையாவது கழற்றிவிட வேண்டும். இல்லாவிடின் அதற்குச் சமாந்தரமாக உள்ள ஏனைய தடைகளும் சேர்ந்து அளக்கப்படும்.

மூன்றாவதாக, உயர்ந்த தடையை அளக்கும்போது அதன் இரு முனைகளையும் விரல்களால் பிடிக்க வேண்டாம். உங்கள் உடலும் ஒரு கடத்தியே. ஈரக் கைகளுக்கிடையிலான தடை 30 000 ஓம் எனக் கொண்டால், 30 000 ஓம் தடையொன்று 15 000 ஓம் எனவே வாசிக்கப்படும்.

பயிற்சி வினாக்கள்

1. ஓர் ஓம்மானியின் மின்கல அடுக்கு 3 V மின்னியக்க விசையை உடையது. முழு அளவிடைத் திறம்பல் ஓட்டம் 0.1 mA. (அ) நடு அளவிடைத் தடை யாது? (ஆ) காட்டி 50 பிரிவுகளில் 20 பிரிவுகள் நகரின் தெரியாத் தடை யாது?

2. 600 Ω தடையொன்றை இணைத்தபோது ஓர் ஓம்மானியின் காட்டி முழு அளவிடையின் மூன்றிலொரு பங்கு நகர்ந்தது. (அ) மானியின் உட்தடை யாது? (ஆ) முழு அளவிடைத் திறம்பல் ஓட்டம் 5 mA எனின் மின்னியக்க விசை யாது?

3. 1.5 V மின்கலத்துக்கென அளவுகோடிடப்பட்ட ஓம்மானியொன்று பூச்சியச் செப்பஞ்செய்த பின்னரும் 1000 Ω தடையை 1200 Ω எனக் காட்டியது. (அ) மின்கலத்தின் தற்போதைய மின்னியக்க விசை யாது? (ஆ) இம்மானி 4800 Ω எனக் காட்டும் தடையின் உண்மைப் பெறுமானம் யாது?

விடைகள்

1. (அ) 3 / 0.0001 = 30 000 Ω (ஆ) 30 000 × 30 / 20 = 45 000 Ω

2. (அ) திறம்பல் மூன்றிலொரு பங்காகையால் R + X = 3R, X = 2R. ஆகவே R = 300 Ω (ஆ) 0.005 × 300 = 1.5 V

3. (அ) 1.5 × 1000 / 1200 = 1.25 V (ஆ) 4800 × 1000 / 1200 = 4000 Ω